இரவில் புள்ளி தொலையாத கடைப்பலகை

பகலில் கச்சிதமாகத் தெரிந்த பலகை, விளக்கைப் போட்டதும் வெள்ளைக் குழம்பாகிவிடுவது கடைப்பலகைத் தொழிலில் அடிக்கடி நடப்பதுதான். உடனே ‘வெளிச்சம் போதவில்லை, இன்னும் நாலு எல்.இ.டி. விளக்கு மாட்யூல் வையுங்கள்’ என்பார்கள். வைத்தால் இன்னும் மோசமாகும். பெரும்பாலும் கோளாறு வெளிச்சத்தில் இருக்காது, எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடத்தில்தான் இருக்கும். தமிழ் எழுத்து சுழியும் வளைவும் உள்ளது. அந்தச் சுழிக்குள் இருட்டு இருந்தால்தான் அது எழுத்து. இருட்டை வெளிச்சம் தின்றுவிட்டால் ‘ன’வும் ‘ண’வும் ஒன்றுபோலத் தெரியும், ‘ந’வும் ‘த’வும் குழம்பும், மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே பலகைத் திட்டத்தை விளக்கிலிருந்து தொடங்கக் கூடாது. எவ்வளவு தூரத்திலிருந்து படிக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு பலகையை எடுத்துக்கொண்டு முழுசாகப் போட்டுப் பார்ப்போம். கடையின் பெயர் ‘அன்னை மருந்தகம்’ என்று வைத்துக்கொள்வோம். வேண்டுமென்றே தேர்ந்த பெயர்: மூன்று புள்ளிகள், சுழி நிறைந்த ‘ன’, கோட்டுக்குக் கீழே இறங்கும் ‘ரு’, ‘ந’, ‘த’ எல்லாம் இதில் வந்துவிடுகின்றன. முகப்பு 3.6 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் உயரம். ஒரு சாலை நேராக வந்து முட்டும் இடத்தில் கடை இருக்கிறது, ஆகவே வண்டியில் வருபவர் பலகையை நேருக்கு நேர் பார்க்கிறார். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கும். பார்த்து, படித்து, ‘நிறுத்தலாம்’ என்று முடிவெடுக்க மூன்று நொடியாவது வேண்டும். அதுவே 33 மீட்டர். வேகம் குறைக்க இன்னும் கொஞ்சம் சேர்த்தால், 50 மீட்டரில் படிக்க முடிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது எழுத்தின் அளவு. குறையில்லாத கண்ணுக்குப் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஏறக்குறைய ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 50 மீட்டர் தூரத்தில் அது 14.5 மி.மீ. இது நல்ல வெளிச்சத்தில், நின்று நிதானமாகப் பார்க்கும் நல்ல கண்ணின் கணக்கு. இரவில், ஓடும் வண்டியில், கண்ணாடி போட்டும் போடாமலும் இருப்பவர்களுக்கு அதைக் குறைந்தது இரட்டிப்பாக்க வேண்டும். ஆக, 30 மி.மீ. இந்த ஒரு எண்ணைத்தான் நாங்கள் பலகை முழுக்கப் பிடித்துக்கொள்வோம். கோட்டின் தடிமன் 30, சுழிக்குள் இருக்கும் ஓட்டை குறைந்தது 30, இரண்டு எழுத்துக்கு நடுவே குறைந்தது 30, புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவேயும் 30.

தானே ஒளிரும் எழுத்து இருட்டுப் பின்னணியில் உண்மை அளவைவிடத் தடித்துத் தெரியும். அதனால் கோடு மெலிந்திருக்க வேண்டும், உயரத்தில் எட்டில் ஒரு பங்கு சரியாக வரும். 30 மி.மீ. கோட்டுக்கு எழுத்தின் உடல் உயரம் 240, முழுதாக்கினால் 250 மி.மீ. உடல் உயரம் என்பது ‘ப’ அல்லது ‘ம’வின் உயரம். புள்ளியும் கீழே தொங்கும் வாலும் அதில் சேராது. விலைப் புள்ளி கேட்கும்போது இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ‘பத்து அங்குல எழுத்து’ என்று மட்டும் சொன்னால், புள்ளியின் தலையிலிருந்து வாலின் நுனி வரை பத்து அங்குலம் என்று எடுத்துக்கொண்டு, உடலை ஆறு அங்குலத்துக்குச் செய்து தருவார்கள். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்ற சண்டை பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆங்கிலப் பெரிய எழுத்துக்குச் சொல்லப்படும் ‘ஓர் அங்குலத்துக்கு முப்பது அடி’ என்ற வாய்பாட்டை அப்படியே தமிழுக்குப் போடுவது இன்னொரு தவறு. அந்தக் கணக்குப்படி 50 மீட்டருக்கு 140 மி.மீ. உயரம் போதும். ‘L’ என்ற எழுத்து அதில் தெரியும். ‘ன’வின் உள்சுழி அதில் பதினாறு பதினேழு மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும், அது அடைத்துத்தான் போகும்.

250 மி.மீ. உயரத்தில் இரண்டு சொல்லையும் ஒரே வரியில் அடுக்கிப் பார்த்தால், எழுத்துகளே மூன்று மீட்டர் பிடிக்கின்றன. இடைவெளியும் சேர்ந்தால் மூன்றரை. முகப்பே 3.6 தான். ஓரத்தில் விடுவதற்கு ஒன்றும் இல்லை, ஓரத்தில் இருட்டு விடாத பலகை பக்கத்துக் கடை வெளிச்சத்தோடு கலந்துவிடும். வழக்கமாக இந்த இடத்தில் எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கி உள்ளே அடைப்பார்கள். அதைச் செய்யவே கூடாது. நெருக்கினால் முதலில் சாவது சுழிதான்.

அதற்குப் பதில் கேட்க வேண்டிய கேள்வி: 50 மீட்டரில் வருபவருக்கு எந்தச் சொல் வேண்டும்? ‘மருந்தகம்’ என்பதுதான். ‘அன்னை’ யாருக்கு வேண்டும்? ஏற்கெனவே கடையைத் தேடி வருபவருக்கு, கிட்டே வந்த பிறகு. அதனால் ‘மருந்தகம்’ 250 மி.மீ., ‘அன்னை’ 150 மி.மீ. ‘அன்னை’யின் கோடு ஏறக்குறைய 19 மி.மீ. வரும். முப்பது மீட்டர் தூரத்துக்கு அதே இரட்டிப்புக் கணக்கைப் போட்டால் 17.5 மி.மீ. போதும், ஆக அது 30 மீட்டரில் படிக்கும். அகலத்தைப் பார்த்தால் ‘மருந்தகம்’ 1.8 மீட்டர், ‘அன்னை’ ஒரு மீட்டர், நடுவே 0.2 மீட்டர். மொத்தம் மூன்று மீட்டர், இரண்டு பக்கமும் 30 செ.மீ. இருட்டு மிச்சம். உயரத்தில் புள்ளியும் வாலும் சேர்த்து 400 மி.மீ. மேலும் கீழும் 250 மி.மீ. காலி. அந்தக் காலியைப் பார்த்ததும் தொலைபேசி எண்ணையும், ‘இங்கு அனைத்தும் கிடைக்கும்’ என்பதையும் நுழைக்க உரிமையாளருக்குக் கை துறுதுறுக்கும். அவற்றைக் கதவுக்குப் பக்கத்தில், கண்ணுயரத்தில், சின்னப் பலகையில் வையுங்கள். மேலே இருக்கும் இருட்டுதான் எழுத்தை எடுத்துக் காட்டுகிறது.

புள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்ப் பலகையில் முதலில் கெடுவது அதுதான். எழுத்துருவில் இருக்கும் புள்ளி அச்சுக்காகப் போட்டது. பெரும்பாலும் கோட்டின் தடிமன் அளவே இருக்கும், எழுத்தை ஒட்டியே உட்கார்ந்திருக்கும். தாளில் அது அழகு. ஒளிரும்போது எழுத்தின் ஒளியும் புள்ளியின் ஒளியும் ஒன்றையொன்று தொட்டு, ‘ம்’ மேலே ஒரு வீக்கம்போலத் தெரியும். எங்கள் அளவு: புள்ளியின் விட்டம் கோட்டைப்போல ஒன்றரை மடங்கு, இடைவெளி கோட்டின் தடிமனுக்குக் குறையாமல். 30 மி.மீ. கோட்டுக்குப் புள்ளி 45, இடைவெளி 30. வடிவமைப்புக் கோப்பில் எழுத்தை வளைகோடாக மாற்றிய பிறகு புள்ளியைத் தனியாகப் பிரித்துப் பெரிதாக்கி, மேலே தூக்கி வைக்க வேண்டும். பகலில் கொஞ்சம் பெரிய பொட்டு மாதிரி இருக்கும். யாரும் குறை சொன்னதில்லை.

சின்ன வரியில் இது இன்னும் சிக்கல். ‘அன்னை’யின் ‘ன்’ புள்ளிக்குக் கணக்குப்படி 28 மி.மீ. தான் வருகிறது. பக்கச் சுவரின் தடிப்பைக் கழித்தால் உள்ளே ஒரு சிறிய மாட்யூல்கூட நிம்மதியாக உட்காராது. அதை 35 ஆக்கிவிடுங்கள். செய்பவர் ‘அதற்குள் விளக்கு வைக்க முடியாது, வெறும் வெள்ளை அக்ரிலிக் வட்டம் ஒட்டிவிடுகிறேன்’ என்பார். ஒப்புக்கொண்டால் இரவில் ‘அனனை’ என்று எரியும்.

இன்னொன்று, புள்ளிக்குப் போகும் கம்பி. மாட்யூல்களை வரிசையாக இணைத்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு மெல்லிய கம்பியை இழுத்துப் புள்ளியில் முடிப்பதுதான் வழக்கம். வரிசையின் வால் என்பதால் மின்னழுத்தம் அங்கே எல்லாவற்றையும்விடக் குறைவு, இணைப்பும் அங்கேதான் பலவீனம். எழுத்துக்கு நுழையும் முதன்மைக் கம்பியிலிருந்தே புள்ளிக்குத் தனிக் கிளை எடுக்கச் சொல்லுங்கள். பலகைத் தகட்டில் புள்ளிக்கென்று தனித் துளை போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான் கூடுதல் வேலை.

இனி எழுத்தின் உடம்பு. இந்தப் பலகைக்குத் தகட்டுப் பக்கச்சுவரும், பால்வெள்ளை அக்ரிலிக் முகமும் கொண்ட த்ரீ-டி எழுத்து பொருத்தம். ஆழம் 60 மி.மீ. உட்புறம் முழுக்க மங்கல் வெள்ளை. பளபளப்பான தகட்டை அப்படியே விட்டால் ஒளி அங்கங்கே திரளும். ஆழத்துக்கும் விளக்கு இடைவெளிக்கும் ஓர் எளிய உறவு உண்டு: ஒரு எல்.இ.டி.க்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் எழுத்தின் ஆழத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முகத்தில் பொட்டுப் பொட்டாகத் தெரியும். 70 மி.மீ. நீளமுள்ள மூன்று விளக்கு மாட்யூலை மையத்துக்கு மையம் 90 மி.மீ. வைத்தால், ஒன்றின் கடைசி விளக்குக்கும் அடுத்ததன் முதல் விளக்குக்கும் நடுவே 60க்குள் அடங்கிவிடும். ஆனால் இது நேர்க்கோட்டுக்கு மட்டும். ‘ந’, ‘த’, ‘க’வின் வளைவில் 30 மி.மீ. அகலத்துக்குள் 70 மி.மீ. கட்டை வளையாது. வலிந்து குறுக்கே வைத்தால் ஒரு முனை சுவரை முட்டி அங்கே வெள்ளைத் தழும்பு விழும். வளைவுகளில் ஒற்றை விளக்கு மாட்யூல் போடுங்கள், ‘அன்னை’ முழுவதுக்கும் அதுவேதான்.

பின்னணித் தகடு மங்கலாக, கருஞ்சாம்பலோ கரும்பச்சையோ இருக்கட்டும். பளபளப்பான கறுப்பு ஏ.சி.பி. என்ற அலுமினிய ஷீட்டைக் கண்ணுக்கு அழகு என்று தேர்ந்தெடுப்பார்கள். இரவில் அது கண்ணாடி. எதிர்த் தெருவிளக்கும், எழுத்தின் பக்கவாட்டு ஒளியும் அதில் பிரதிபலித்து, கஷ்டப்பட்டு விட்ட இருட்டு இடைவெளியில் மறுபடி வெளிச்சத்தைக் கொண்டுவந்து போடும்.

எழுத்தின் நிறம் வெள்ளையாகவே இருப்பது நல்லது. நீலம் தூரத்தில் விளிம்பு கலங்கும். கண்ணின் வில்லை நீல ஒளியை விழித்திரைக்குச் சற்று முன்னாலேயே குவித்துவிடுவதால், நல்ல பார்வை உள்ளவருக்கும் நீல எழுத்து மங்கலாகத்தான் தெரியும். சிவப்பு வேண்டுமென்றால் சிவப்பு அக்ரிலிக்குக்குப் பின்னால் சிவப்பு மாட்யூலே போடுங்கள். வெள்ளை எல்.இ.டி.யில் சிவப்புப் பங்கு குறைவு. சிவப்பு முகம் அதையும் வடிகட்டியபின் மிஞ்சுவது சோர்ந்த இளஞ்சிவப்புதான்.

த்ரீ-டி எழுத்துக்குச் செலவு ஒத்துவராது, ஒளிப்பெட்டிதான் என்றால் கணக்கு தலைகீழாகும். வெளிச்சமான தளத்தின் மேல் கறுத்த எழுத்தை வைத்தால் ஒளி கோட்டைத் தின்றுவிடும், ஆகவே கோட்டை உயரத்தில் ஆறில் ஒரு பங்காகத் தடிக்க வைக்க வேண்டும். முழு வெள்ளைத் தளத்தைவிட, நிறத் தளத்தில் வெள்ளை எழுத்து விட்டுவைப்பது கண்ணை உறுத்தாது. அப்போது நிறத்துக்கு ஒட்டும் வினைல், ஒளி ஊடுருவும் வகைதானா என்று வெட்டுவதற்கு முன்பே ஒரு துண்டைக் கைவிளக்கின் மேல் வைத்துப் பாருங்கள். சாதாரண வினைல் பகலில் அருமையான சிவப்பாக இருக்கும், பின்னால் விளக்கைப் போட்டால் கறுப்பாகிவிடும்.

மின்கணக்கு நீளமில்லை. ‘மருந்தகம்’ எழுத்துகளின் கோட்டு நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். வளைவுகளையும் சேர்த்து மூன்று விளக்கு மாட்யூல் கணக்கில் 90 என்று வைத்துக்கொண்டால், ஒன்று 0.72 வாட் வீதம் 65 வாட். ‘அன்னை’க்குச் சின்ன மாட்யூல் 60, ஒன்று 0.36 வாட் வீதம் 22 வாட். மொத்தம் 87. மின்வழங்கியை அதன் முழுத் திறனில் ஓட்டக் கூடாது, 80 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றினால் சூட்டிலேயே சாகும். அந்தக் கணக்குக்கே 109 வாட் வருகிறது. 12 வோல்ட், 150 வாட் ஒன்றை வாங்கிவிடுங்கள். அதை எழுத்துக்குள்ளோ பலகைக்குப் பின்னாலோ மூடிவைக்காமல், ஏணியில்லாமல் எட்டும் இடத்தில், காற்றோட்டமாக வையுங்கள். பலகையில் முதலில் பழுதாவது பெரும்பாலும் அதுதான். விளக்குகள் அல்ல.

எட்டும் இடத்தில் வைத்தால் கம்பி நீளும். நாலு மீட்டர் தூரம் என்றால் போக வர எட்டு மீட்டர். 12 வோல்டில் 7 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் ஓடும்போது 1.5 சதுர மி.மீ. செப்புக் கம்பியில் 0.7 வோல்ட் இழப்பு. 2.5 போட்டால் 0.43. இரண்டாவதைப் போடுங்கள், பெரிய சொல்லுக்கும் சின்ன சொல்லுக்கும் தனித்தனி இணைக் கம்பி இழுங்கள். ‘மருந்தகம்’ என்பதை ‘ம’வில் தொடங்கி ‘ம்’ வரை ஒரே சங்கிலியாகக் கோக்காமல், ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் ஓடும் முதன்மைக் கம்பியிலிருந்து கிளை எடுக்க வேண்டும். ஒரே சங்கிலியாகக் கோத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் எழுத்து பளிச்சென்றும் கடைசி எழுத்து சோர்ந்தும் இருக்கும். மல்டிமீட்டரை எடுத்து முதல் மாட்யூலிலும் கடைசி மாட்யூலிலும் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் அரை வோல்டுக்கு மேல் என்றால் பிரித்து இணைக்கச் சொல்லலாம். மின்வழங்கிக்கு முன்னால் இருக்கும் மெயின் இணைப்பு, உலோகச் சட்டத்துக்கு எர்த், கசிவு மின்காப்பு இவையெல்லாம் உரிமம் பெற்ற மின்பணியாளர் வேலை, பலகை செய்பவரிடம் விடாதீர்கள்.

முழுப் பலகைக்கும் ஒப்புதல் கொடுப்பதற்கு முன் ஒரே ஓர் எழுத்தைச் செய்து காட்டச் சொல்லுங்கள். இந்தப் பெயரில் அது ‘ந்’. வளைவு, வால், புள்ளி மூன்றும் அதில்தான் இருக்கின்றன, அது தேறினால் மற்றது தேறும். இருட்டிய பிறகு கடை முகப்பில் அதை நிறுத்தி, 50 மீட்டர் நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். கண்ணைப் பாதி சுருக்கிப் பார்க்கும்போதும் புள்ளி தனியாக நிற்க வேண்டும், சுழிக்குள் இருட்டு தெரிய வேண்டும். கைப்பேசியில் படமெடுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரவில் கேமரா ஒளிரும் எழுத்தை ஊதிக் காட்டும், நல்ல பலகையும் அதில் கெட்டதாகத்தான் விழும்.

அதே இடத்தில், ஒரு 12 வோல்ட் டிம்மரை இடையில் செருகி வெளிச்சத்தை மெதுவாகக் குறைத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். முழு வெளிச்சத்தில் பஞ்சுபோல இருந்த விளிம்பு, ஏதோ ஒரு நிலையில் சட்டென்று கூர்மையாகும். அந்த நிலைதான் உங்கள் தெருவுக்குச் சரியான வெளிச்சம். இருண்ட தெருவில் அது பாதிக்கும் கீழே இருக்கலாம், சுற்றிலும் விளக்குள்ள கடைத்தெருவில் முழுதுக்கு அருகே வரலாம். டிம்மரை அப்படியே பலகையில் விட்டுவிடுவது நல்லது. எதிரே புதுக் கடை திறந்தால் ஏற்றிக்கொள்ளலாம், அக்ரிலிக்கில் தூசி படிந்து மங்கினாலும் ஏற்றிக்கொள்ளலாம் (முதலில் துடைத்துப் பாருங்கள்).

இவ்வளவும் பலகையை நேரே பார்ப்பவருக்கு. சாலையோரக் கடை என்றால் கணக்கே வேறு. சாலையின் போக்கிலேயே வருபவர், பலகைக்கு 10 மீட்டர் விலகி 50 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது, அதை ஏறக்குறைய 11 பாகைச் சாய்வில் பார்க்கிறார். எழுத்தின் அகலம் அவருக்கு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும், 30 மி.மீ. இடைவெளி 6 மி.மீ. ஆகிவிடும். முகப்புப் பலகையை எவ்வளவு பெரிதாக்கினாலும் இது தீராது. சுவரிலிருந்து நீட்டி நிற்கும், இரண்டு பக்கமும் முகமுள்ள சின்னப் பலகை ஒன்று தேவை. அதில் ஒரு சொல்லோ ஒரு குறியோ போதும், மருந்துக் கடைக்குக் கூட்டல் குறி மாதிரி. உள்ளாட்சி அனுமதி, நடைபாதைக்கு மேலே விட வேண்டிய உயரம் இரண்டையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்கு ஒவ்வோர் எழுத்தின் அடியிலும் 6 மி.மீ. வடிகால் துளை வேண்டும். ‘த’, ‘ந’ போன்றவற்றுக்கு வாலின் அடியிலும் ஒன்று, தண்ணீர் அங்கேதான் தேங்கும். புள்ளிக்கும் ஒரு சின்னத் துளை. எல்லாத் துளைகளிலும் உட்புறம் நுண்வலை ஒட்டாவிட்டால் பூச்சிகள் குடியேறி, சில மாதத்தில் எழுத்தின் அடிப்பாகத்தில் கறுப்புப் படிவம் தெரியத் தொடங்கும். துளைக்குப் பயந்து முழுக்க சிலிகான் பூசி அடைத்துவிடுபவர்கள் உண்டு. பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி வரும்போது உள்ளே ஈரம் வியர்த்து, வெளியேற வழியில்லாமல், காலையில் அக்ரிலிக்கின் உள்முகத்தில் துளிகளாக நிற்கும். தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கு ஐ.பி. 67 என்று போட்ட மாட்யூலும் கம்பி இணைத்த இடத்தில் காப்பில்லாததுதான், பச்சை பிடிப்பது அங்கேதான். இணைப்பு ஒவ்வொன்றையும் சூடாக்கினால் சுருங்கி ஒட்டும் குழாய் போட்டு மூடியிருக்கிறார்களா என்று எழுத்தை முகப்பில் ஏற்றுவதற்கு முன்பே திறந்து பார்க்கலாம், ஏற்றிய பிறகு முடியாது.

கணக்குப் போட்ட 150 மாட்யூலோடு, அதே பெட்டியிலிருந்து பெரியதில் ஐந்தும் சின்னதில் ஐந்தும் கூடுதலாக வாங்கி வையுங்கள். ‘வெள்ளை’ என்றே பெயர் போட்டிருந்தாலும் அடுத்த தயாரிப்புத் தொகுதி லேசாக நீலமடித்தோ மஞ்சளடித்தோ வரும். இரண்டு வருடம் கழித்து ‘க’வில் மட்டும் புது மாட்யூல் போட்டால் அது மட்டும் வேறு சாயலில் எரியும். உதிரிகளையும், எந்த எழுத்துக்கு எந்தக் கிளை போகிறது என்ற வரைபடத்தையும் ஒரு பையில் போட்டு மின்வழங்கிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடுங்கள்.